கடிகார முட்களுக்கு இடையே எத்தனை பாகை?

திறனறித் தேர்வு வினாக்களைத் திறன்பேசியில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பி விடை கேட்பது மாணவர்களிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வாறு பகிரப்படும் வினாக்களுள் கடிகார வினாவும் ஒன்று. வட்டக் கடிகாரம் ஒன்றின் படம் மேலே இருக்கும். “மணி 3.40 ஆகும்போது இரண்டு முட்களுக்கும் இடையே உள்ள கோணம் எவ்வளவு?” என்ற வினா அதன் கீழே இருக்கும். 110, 130, 140, 150 பாகை என நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும்.

பலர் சற்றும் தயங்காமல் 150 பாகையைத் தேர்ந்தெடுக்கின்றனர். நிமிட முள் 8ஆம் எண்ணில் நிற்கிறது. மணி முள் 3ஆம் எண்ணில் நிற்கிறது. இவற்றுக்கு இடையே ஐந்து இடைவெளிகள் உள்ளன. ஓர் இடைவெளிக்கு 30 பாகை என்றால் மொத்தம் 150 பாகை என்பது அவர்களின் கணக்கு. பெருக்கலில் தவறு இல்லை. ஆனால், 3.40 மணிக்கு மணி முள் 3ஆம் எண்ணில் நிற்பதில்லை. இந்தத் தவறு எளிதில் நேரக்கூடியது என்பதால்தான் 150 என்ற எண்ணும் விடைகளுள் ஒன்றாக வைக்கப்படுகிறது.

முட்கள் நகரும் முறையை அறிந்தால் சரியான விடை கிடைத்துவிடும். வட்டத்தின் மொத்தக் கோணம் 360 பாகை. நிமிட முள் ஒரு முழுச் சுற்றை 60 நிமிடத்தில் முடிக்கிறது. எனவே, அது நிமிடத்துக்கு 6 பாகை நகர்கிறது. மணி முள்ளோ அதே 60 நிமிடத்தில் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு மட்டுமே செல்கிறது. அதாவது, அது 30 பாகை நகர்கிறது. ஆகவே, நிமிடத்துக்கு அரைப் பாகை வீதம் அது மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரம் முடிந்ததும் அடுத்த எண்ணுக்குத் தாவுவதில்லை.

இனி, 12ஆம் எண்ணிலிருந்து இரு முட்களும் எவ்வளவு தொலைவு வந்துள்ளன என்று கணக்கிடலாம். நிமிட முள் 40 நிமிடத்தில் 240 பாகை வந்துள்ளது. மணி முள் 3 மணிக்கு 90 பாகையில் இருந்தது. அடுத்த 40 நிமிடத்தில் மேலும் 20 பாகை நகர்ந்து 110 பாகையை அடைந்துள்ளது. 240இலிருந்து 110ஐக் கழித்தால் 130 பாகை கிடைக்கிறது. இதுவே சரியான விடை.

இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். மணி முள் 4ஆம் எண்ணைத் தொட இன்னும் 20 நிமிடம் உள்ளது. எனவே, அதற்கும் 4ஆம் எண்ணுக்கும் இடையே 10 பாகை இருக்கிறது. 4ஆம் எண்ணிலிருந்து 8ஆம் எண் வரை 120 பாகை. இரண்டையும் கூட்டினால் அதே 130 பாகை வருகிறது.

சில நேரங்களில் கழித்துப் பெறும் எண் 180ஐத் தாண்டிவிடும். எடுத்துக்காட்டாக, மணி 10.10 ஆகும்போது மணி முள் 305 பாகையிலும் நிமிட முள் 60 பாகையிலும் இருக்கும். வேறுபாடு 245 பாகை. இது முட்களுக்கு வெளிப்புறமாகச் சுற்றிவரும் பெரிய கோணம். தேர்வில் பொதுவாகக் கேட்கப்படுவது சிறிய கோணமே. ஆகவே, 360இலிருந்து 245ஐக் கழித்து 115 பாகை என்று விடையளிக்க வேண்டும்.

கணக்கிடுவதற்குப் பதிலாக, படத்தின் மீதே பாகைமானியை வைத்து அளந்துவிடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அந்த அளவை நம்ப முடியாது. தாளைச் சாய்வாகப் படம் பிடித்தால் வட்டம் முட்டை வடிவில் நசுங்கித் தெரியும். அதனுடன் கோணங்களும் மாறிவிடும். படம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் மட்டும் கோணம் மாறாது.

சில வினாக்களில் படமே தவறாக வரையப்பட்டிருக்கும். நிமிட முள் 8ஆம் எண்ணிலும் மணி முள் மிகச் சரியாக 3ஆம் எண்ணிலும் இருப்பதுபோல் காட்டப்பட்டிருக்கும். சரியாக ஓடும் கடிகாரத்தில் அப்படி ஒரு நேரமே வராது. மணி முள் ஓர் எண்ணின் மீது சரியாக நிற்க வேண்டுமானால், நிமிட முள் 12இல் இருக்க வேண்டும். இத்தகைய படத்தைக் கண்டால், முட்களின் தோற்றத்தை விட்டுவிட்டு, வினாவில் எழுதப்பட்டுள்ள நேரத்தைக் கொண்டு கணக்கிடுவதே சரியான வழியாகும்.