ஆப்பில் பச்சை, டேஷ்போர்டில் சிவப்பு

என் சித்தப்பா மகன் மதுரையிலிருந்து திருச்சிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தான். மேலூர் தாண்டி, ஒரு கிராமத்துச் சாலையில் இறங்கி ஏறியபோது அடியில் கல் ஒன்று பலமாக இடித்தது. பத்து நிமிடத்தில் டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்ணிப் படம் சிவப்பாக எரிந்தது. பையன் கம்ப்யூட்டர் படித்தவன். உடனே பக்கத்தில் இருந்த மனைவியிடம், "ஆப்பைத் திறந்து என்ன போட்டிருக்குன்னு பாரு" என்றான். கார் ஆப்பில் எல்லாப் பகுதிக்கும் பச்சை டிக் இருந்தது. "எல்லாம் நல்லா இருக்குங்க, லைட்டுதான் ஏதோ கோளாறு போல" என்றாள் அவள். எட்டு கிலோமீட்டர் ஓட்டினான். இன்ஜினில் டக் டக் என்று சத்தம் வந்தது, பிறகு நின்றே போனது.

அந்தப் பச்சை டிக்குகளுக்குக் கீழே பொடி எழுத்தில் முந்தைய நாள் மாலை 7.42 என்று இருந்ததை, லாரி மேல் காரை ஏற்றிய பிறகுதான் இருவரும் கவனித்தார்கள். 'இன்ஜின் ஆயில் அழுத்தம் குறைவு' என்ற அலர்ட் போனுக்கு வந்து சேர்ந்தபோது இன்ஜின் நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது.

கல் இடித்ததில் ஆயில் சம்ப் விரிசல் விட்டு எண்ணெய் ஒழுகியிருக்கிறது. இன்ஜின் பிளாக்கில் சின்னதாக ஒரு அழுத்த சுவிட்ச் உண்டு. எண்ணெய் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் அது விளக்கை எரியவிடும். அதற்கு ஓரிரு நொடி போதும், டவர் வேண்டாம், நெட் வேண்டாம். ஆப்பின் பாதை அப்படி இல்லை. இன்ஜின் கணினி சொல்வதை, காருக்குள் இருக்கும் இ-சிம் பொருத்திய ஒரு பெட்டி கேட்டுக்கொள்கிறது. அது மொபைல் டவர் வழியாகக் கம்பெனி சர்வருக்கு அனுப்ப, அங்கிருந்து உங்கள் போனுக்கு வருகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தி காத்திருக்கும். தவிர, நலன் அறிக்கையை அந்தந்த நொடிக்குத் தயாரிப்பதும் வழக்கமில்லை. பல கார்கள் இன்ஜினை அணைக்கும்போது கடைசி நிலவரத்தை அனுப்பிவிட்டு, பேட்டரி தீராமலிருக்கத் தூங்கிவிடும். அமெரிக்காவில் ஆன்ஸ்டார் சேவை மாதம் ஒருமுறை மின்னஞ்சலில் அனுப்பும் அறிக்கையும் இந்த வகைதான். ஆகவே ஆப்பைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது டிக்கை அல்ல, நேரத்தை.

இன்னொரு மயக்கமும் உண்டு. 'நன்று' என்று ஆப் சொன்னால், அந்தப் பகுதியில் பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். எண்ணெய் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அளக்கும் சென்சார் பல கார்களில் கிடையாது. டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். பிரேக் பேட் தேய்மானமும் டயர் பட்டன் தேய்மானமும் அப்படியே. சென்சார் வைக்காத இடத்தைப் பற்றி ஆப்புக்கு ஒன்றும் தெரியாது. டயர் காற்றுக்குச் சென்சார் இருந்தாலும், வண்டி நிற்கும்போது அதுவும் ஓய்வெடுக்கும். காலையில் ஆப்பில் தெரியும் அழுத்தம் நேற்று ஓடியபோது எடுத்த கணக்காக இருக்கலாம். ஆணி குத்தி ராத்திரியில் காற்று இறங்கிய டயர் அதில் தெரியாது.

இதைப் படித்துவிட்டு ஆப்பே வேண்டாம் என்று அழித்துவிடாதீர்கள். விளக்கு சொல்லாததைச் சில நேரம் ஆப் சொல்லும். புகை சம்பந்தமான பல கோளாறுகளில், முதல் ஓட்டத்தில் தவறு கண்டதும் இன்ஜின் கணினி அதைக் குறித்து வைத்துக்கொள்ளும், மஞ்சள் இன்ஜின் விளக்கை எரியவிடாது. அடுத்த ஓட்டத்திலும் அதே தவறு வந்தால்தான் விளக்கு. பிறகு அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் தவறு வராவிட்டால் விளக்கு தானே அணைந்துவிடும், குறியீடு மட்டும் நினைவகத்தில் சில காலம் இருக்கும். அதனால் விளக்கு எரியாத காரில் ஆப் ஒரு குறியீட்டைக் காட்டினால் அதைப் பொய் என்று தள்ள முடியாது. இதே மஞ்சள் விளக்கு கண் சிமிட்டினால் மட்டும் கதை வேறு. P0300 போன்ற, சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாத கோளாறு அது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும். அப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் குறைத்து ஓரம் கட்ட வேண்டும். சிவப்பு எண்ணெய் விளக்குக்கோ அந்த அவகாசமும் இல்லை. பத்திரமான இடத்தில் நிறுத்தி, உடனே இன்ஜினை அணைக்க வேண்டும்.

தம்பி கதைக்கு வருகிறேன். வாரண்டி கேட்டதற்கு சர்வீஸ் சென்டர் கையேட்டின் பக்கத்தைக் காட்டியது: சிவப்பு விளக்கு எரிந்தால் ஓட்டக் கூடாது. "உங்க ஆப்பே நல்லா இருக்குன்னுதானே சொல்லிச்சு" என்று அவன் வாதாடினான். எனக்கு அந்த வாதத்தில் பலம் இருப்பதாகத் தோன்றவில்லை. இன்ஷூரன்ஸ்காரர்கள் சம்ப்புக்குச் சரி என்றார்கள், இன்ஜினுக்கு மறுத்தார்கள். சாதாரண பாலிசியில் 'தொடர் சேதம்' விலக்கப்பட்டிருக்கும். கல் இடித்தது விபத்து. அதற்குப் பிறகு ஓட்டியதால் வந்தது தொடர் சேதம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி இத்தகைய எண்ணெய்க் கசிவுக்காக விற்கப்படுவதுதான். ஆனால் எச்சரிக்கைக்குப் பிறகும் ஓட்டினால் அதிலும் தகராறு வரும் என்பதால், நிபந்தனைகளை வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

ஆப் உங்களுக்குச் சாட்சியாக நிற்பது நேர்மாறான சூழ்நிலையில். வாரண்டி காலத்தில் அலர்ட் வருகிறது, வண்டியைக் கொண்டுபோகிறீர்கள். "லைட் எரியலையே சார், ஒண்ணும் இல்ல" என்று கழுவித் துடைத்துத் திருப்பித் தருகிறார்கள். வாரண்டி முடிந்த மாதம் அதே பகுதி பழுதாகிறது. இந்த இடத்தில் ஏமாறாமலிருக்க, அலர்ட் வந்ததுமே தேதியும் நேரமும் கிலோமீட்டரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஜாப் கார்டில் அந்த அலர்ட்டின் வாசகத்தையே எழுதச் சொல்லுங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்கேனர் அறிக்கையைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன்பே பிரிண்ட் எடுத்துக் கேளுங்கள். கோளாறு பதிவான கணத்தில் வேகம், வெப்பம், சுழற்சி எவ்வளவு என்ற விவரமும் அதோடு சேமிக்கப்பட்டிருக்கும். அழித்துவிட்டால் அதுவும் போய்விடும்.

சர்வீஸ் சென்டர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதில் தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கேயே வழக்குத் தொடரலாம், வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இன்ஷூரன்ஸ் மறுப்பு என்றால், முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார்; மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு.

கடைசியாக, சந்தா. புதுக் காரோடு சில ஆண்டுகள் இலவசமாக வரும் இந்தச் சேவை, புதுப்பிக்காவிட்டால் சத்தமில்லாமல் நின்றுவிடும். அலர்ட் வராததைப் பார்த்து வண்டி நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். முடியும் தேதி ஆப்பிலேயே இருக்கும், பார்த்து வையுங்கள். பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வேலை: ஆர்.சி. பெயர் மாறினாலும் ஆப் கணக்கு தானாக மாறாது. பழைய உரிமையாளர் போனிலேயே உங்கள் வண்டி நிற்கும் இடம் தெரியும், சில கார்களில் கதவையும் அவர் திறக்கலாம், உங்களுக்கு வர வேண்டிய அலர்ட்டும் அவருக்கே போகும். பணம் கொடுக்கும் முன், உங்கள் கண் முன்னால் அவர் தன் கணக்கிலிருந்து வண்டியை நீக்க வேண்டும். அவர் ஊரில் இல்லையென்றால், ஆர்.சி. நகலோடு கம்பெனி வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி நீக்கச் சொல்லலாம்.