டியூவில் வாங்கிய வண்டி: கணக்கில் எழுத வேண்டியது 4.31 லட்சமா, 4.99 லட்சமா?

டியூ கட்டியதும் அந்தத் தொகையை அப்படியே 'வண்டி டியூ' என்று செலவுப் பக்கத்தில் எழுதிவிடும் பழக்கம் சின்னக் கடைகளில் நிறையவே உண்டு. எழுதுவதற்குச் சுலபம்தான். ஆனால் வருஷக் கடைசியில் லாபம் எவ்வளவு என்று பார்க்கும்போதுதான் சிக்கல் தெரியும். லாபத்தில் ஓடும் கடைகூட பேப்பரில் நஷ்டக் கடையாகிவிடும். அந்தப் பேப்பரை வைத்துத்தான் வங்கியில் அடுத்த கடன் கேட்கணும்!

சரி, எப்படித்தான் எழுதுவது? ஒரு கற்பனைக் கணக்கோடு பார்ப்போம்.

சேலத்தில் தண்ணீர் கேன் சப்ளை செய்யும் ஒருவர், ஏப்ரல் 1 அன்று ஒரு லோடு வண்டி எடுக்கிறார். கையில் முழுப் பணம் இருந்தால் வண்டி விலை ரூ.4,31,000. இதுதான் ரொக்க விலை. அவ்வளவு பணம் இல்லாததால், ஒரு பைனான்ஸ் கம்பெனி மூலம் வாடகைக் கொள்முதல் முறையில் வாங்குகிறார். முன்பணம் ரூ.1,00,000. பிறகு ஒவ்வொரு மார்ச் 31-ஆம் தேதியும் ரூ.1,33,100 வீதம் 3 தவணை. நிஜத்தில் டியூ மாசா மாசம் வரும். கணக்கு புரிவதற்காக வருஷத் தவணையாக வைத்துக்கொள்வோம்.

கூட்டிப் பார்த்தால் அவர் மொத்தம் கட்டுவது ரூ.4,99,300. ரொக்க விலையைவிட ரூ.68,300 அதிகம். அந்த அதிகம்தான் வட்டி.

வண்டியின் விலை எது?

ரூ.4,31,000தான். வட்டி என்பது பணத்தைத் தாமதமாகக் கொடுப்பதற்கான கூலி. அதை வண்டியின் விலையில் சேர்க்கக் கூடாது.

இங்கே ஒரு கேள்வி வரும். வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டும் வரை வண்டி சட்டப்படி பைனான்ஸ் கம்பெனிக்குத்தானே சொந்தம்? ஆர்.சி. புக்கிலும் ஹெச்.பி. என்று பதிவு இருக்குமே? சரிதான். ஆனால் வண்டியை ஓட்டுவது, அதில் சம்பாதிப்பது, டயர் மாற்றுவது, தேய்மானத்தைத் தாங்குவது எல்லாம் வாங்கியவர்தான். அதனால் முதல் நாளே அது அவருடைய சொத்தாகக் கணக்கில் ஏறிவிடும். குறிப்பேட்டில் இப்படி எழுதணும்:

வண்டிக் கணக்கு – பற்று ரூ.4,31,000
பைனான்ஸ் கம்பெனி கணக்கு – வரவு ரூ.4,31,000

அன்றைக்கே கொடுத்த முன்பணத்துக்கு:

பைனான்ஸ் கம்பெனி கணக்கு – பற்று ரூ.1,00,000
வங்கிக் கணக்கு – வரவு ரூ.1,00,000

முன்பணத்தில் வட்டியே கிடையாது. வாங்கிய நாளிலேயே கொடுத்துவிட்டதால் அதற்கு வட்டி ஓட நேரமே இல்லை. இப்போது பாக்கி ரூ.3,31,000.

வட்டியைப் பிரிப்பது எப்படி?

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். மொத்த வட்டி 68,300-ஐ மூன்றால் வகுத்து, வருஷத்துக்கு ரூ.22,767 என்று போட்டுவிடுவார்கள். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் முதல் வருஷம் முழுக்க ரூ.3.31 லட்சம் பாக்கி இருக்கிறது. மூன்றாவது வருஷம் அதில் பாதிகூட இல்லை. இரண்டுக்கும் ஒரே வட்டி எப்படிச் சரியாகும்?

வட்டியை அந்தந்த வருஷ ஆரம்பத்தில் இருக்கும் பாக்கிக்குத்தான் போடணும். இந்த ஒப்பந்தத்தில் வட்டி 10 சதவீதம். முதல் வருஷம் 3,31,000-க்கு வட்டி ரூ.33,100. கட்டிய தவணை 1,33,100-இல் இதைக் கழித்தால், அசலுக்குப் போனது சரியாக ரூ.1,00,000. பாக்கி ரூ.2,31,000.

இரண்டாவது வருஷ வட்டி ரூ.23,100, அசலுக்கு ரூ.1,10,000, பாக்கி ரூ.1,21,000. மூன்றாவது வருஷ வட்டி ரூ.12,100, அசலுக்கு ரூ.1,21,000. பாக்கி பூஜ்ஜியம்.

கடைசியில் பூஜ்ஜியம் வருகிறதா என்பதுதான் பரிசோதனை. சில்லறை ரூபாய் மிஞ்சினால் பரவாயில்லை, கடைசி வருஷ வட்டியில் சரிசெய்துகொள்ளலாம். ஆயிரக்கணக்கில் மிஞ்சினால் வட்டி விகிதமோ ரொக்க விலையோ தப்பு.

இதிலேயே இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. வருஷத்துக்கு 22,767 என்பதை 3,31,000-ஆல் வகுத்தால் 6.88 சதவீதம்தான் வரும். 'வட்டி ஏழுகூட இல்லீங்க' என்று சொல்லி விற்கும் பிளாட் ரேட் இதுதான். அதே தவணை, அதே வண்டி. குறைந்துவரும் பாக்கிக்குப் போட்டால் நிஜ வட்டி 10 சதவீதம்! கையெழுத்துப் போடும் முன் எந்த ரேட் என்று கேட்டுவிடுவது நல்லது.

முதல் வருஷ முடிவில் எழுத வேண்டியது:

வட்டிக் கணக்கு – பற்று ரூ.33,100
பைனான்ஸ் கம்பெனி கணக்கு – வரவு ரூ.33,100

பைனான்ஸ் கம்பெனி கணக்கு – பற்று ரூ.1,33,100
வங்கிக் கணக்கு – வரவு ரூ.1,33,100

மாதத் தவணை என்றாலும் இதே வழிதான். 10 சதவீதத்தை 12-ஆல் வகுத்து அந்த மாதப் பாக்கிக்குப் போடணும். டியூ தேதி 10 என்றால், மார்ச் 10-லிருந்து 31 வரையிலான வட்டியையும் கொடுபட வேண்டிய வட்டியாக அந்த வருஷத்திலேயே காட்டணும்.

தேய்மானம் எதற்கு?

முழு ரொக்க விலைக்கு. கட்டி முடித்த தொகைக்கு மட்டும் போட்டால் தப்பு. ஏன்னா ரோட்டில் ஓடுவது முழு வண்டி. சொந்தச் சரக்கு ஏற்றும் வண்டிக்கு வருமான வரி விதிப்படி தேய்மானம் 15 சதவீதம், அதாவது ரூ.64,650. வாடகைக்கு ஓட்டும் லாரி என்றால் 30 சதவீதம். வண்டி அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான் கிடைக்கும்.

ஆக முதல் வருஷச் செலவு, வட்டி 33,100-உம் தேய்மானம் 64,650-உம் சேர்த்து ரூ.97,750. கட்டியதையெல்லாம் செலவாக எழுதியவருக்கோ ரூ.2,33,100. லாபத்தில் ரூ.1,35,350 காணாமல் போயிருக்கும். அதோடு இருப்புநிலைக் குறிப்பில் ரூ.3,66,350 மதிப்புள்ள வண்டியும் இருக்காது, ரூ.2,31,000 கடனும் இருக்காது.

வண்டியைத் தூக்கிட்டுப் போனால்?

வாடகைக் கொள்முதலுக்கென்று 1972-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வராமலேயே 2005-இல் ரத்தானது. அதனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

நம்ம உதாரணத்தில் இரண்டாவது தவணை கட்ட முடியாமல் வண்டி சீஸ் ஆகிறது என்று வைப்போம். அந்த வருஷ வட்டியும் சேர்ந்து பாக்கி ரூ.2,54,100. இரண்டு வருஷத் தேய்மானம் போக வண்டியின் புத்தக மதிப்பு ரூ.3,11,397. கடனுக்கு ஈடாக வண்டியை எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிட்டால், இரண்டு கணக்கையும் மூடணும். இடையில் நிற்கும் ரூ.57,297 நஷ்டம், லாப நட்டக் கணக்குக்குப் போகும். முதல் நாளே வண்டியைச் சொத்தாக எழுதாதவரின் கணக்கில் இந்த நஷ்டம் தெரியவே தெரியாது.

இன்றைக்கு நிறைய வாகனக் கடன்கள் வாடகைக் கொள்முதலே இல்லை. ஹைபாத்திகேஷன் எனப்படும் அடமான வகை. அதில் வண்டி முதல் நாளே வாங்கியவருக்குச் சொந்தம். ஆனால் வாங்கியவரின் புத்தகத்தில் எழுதும் முறை கிட்டத்தட்ட இதேதான். எந்த வகையானாலும், கடைசித் தவணை முடிந்ததும் படிவம் 35 கொடுத்து ஆர்.சி. புக்கில் உள்ள அந்தப் பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும். இதற்குக் குறிப்பேட்டில் புதிதாகச் சொத்துப் பதிவு எதுவும் தேவையில்லை. வண்டி அங்கே முதல் நாளிலிருந்தே இருக்கிறது.