பனியனில் முடங்கும் 90 நாள்

திருப்பூரில் ஒரு சிறு பனியன் நிறுவனம் ரொக்கத்துக்கு நூல் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நூல் இருப்பில் 10 நாள். பின்னல், சாயம், தையலுக்கு 20 நாள். கிடங்கில் 10 நாள். சரக்கு வாங்கியவர் பணம் தர 50 நாள். போட்ட பணம் திரும்ப 90 நாள்.

தினச் செலவு 40,000 ரூபாய் என்றால் தேவை 36 லட்சம். கூலி பிற்பாடுதான் செலவாகும் என்பதால் இது சற்றுத் தாராளமான கணக்கு. கால் பங்கு சொந்தப் பணம் போனால் கடன் 27 லட்சம்.

சிறு தொழில்களுக்கு வங்கிகள் பெரும்பாலும் நாயக் குழு முறைப்படி, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் கடன் தருகின்றன. விற்பனை 1.6 கோடி என்றால் 32 லட்சம். அந்த முறை சுழற்சியை மூன்று மாதமாகவே கொள்கிறது.

வசூல் 80 நாளானால் சுழற்சி 120 நாள், கடன் தேவை 36 லட்சம். விண்ணப்பத்தோடு வசூல் நாள்களுக்கான பில் ஆதாரத்தையும் கொடுத்து, சுழற்சிக் கணக்கின்படி மதிப்பிடக் கேளுங்கள்.