ஐந்நூறு எம்பி கோப்பில் ஒரேயொரு வரைபடம்

அமெரிக்க வானிலை அமைப்பான நோவா, ஜிஎஃப்எஸ் என்ற உலகளாவிய முன்னறிவிப்பு மாதிரியை ஒரு நாளைக்கு நான்கு முறை ஓட்டுகிறது. ஒவ்வொரு ஓட்டமும் அடுத்த 16 நாட்களுக்கான வானிலையைக் கணித்துத் தருகிறது. முதல் 120 மணி நேரத்துக்கு மணிக்கொரு கோப்பு, அதன்பின் மூன்று மணிக்கொரு கோப்பு என்று மொத்தம் 209 கோப்புகள். கால் டிகிரி இடைவெளியில் கணக்கிடப்பட்ட ஒரு கோப்பின் அளவு ஏறக்குறைய 500 எம்பி. ஒரே ஓட்டத்தின் கோப்புகள் அனைத்தையும் இறக்கினால் 100 ஜிபியைத் தாண்டிவிடும். இவ்வளவும் பொதுமக்களுக்கு இலவசம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் உட்கார்ந்து மழைக் கணிப்பை அலசும் ஆர்வலர்களும் இதைப் பார்க்கிறார்கள்.

ஆனால் அவர்களில் பலருக்கு முழுக் கோப்பு தேவையே இல்லை. ஒரு கோப்புக்குள் எழுநூறுக்கும் மேற்பட்ட வரைபடங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். வெவ்வேறு உயரங்களில் காற்று, ஈரப்பதம், மேகம், மண்ணின் வெப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம். தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் நாளைக்கு எவ்வளவு வெயில் என்று மட்டும் தெரிய வேண்டியவருக்கு அதில் ஒன்று போதும். அந்த ஒன்றை மட்டும் சர்வரிலிருந்து வெட்டி எடுக்க வழி இருக்கிறது.

இந்த வழி இணையத்தின் அடிப்படை விதிகளிலேயே உள்ளது. 1997-இல் வெளிவந்த எச்டிடிபி 1.1 விதிமுறையில், கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்பதற்கு `Range` என்ற ஹெடர் இடம்பெற்றது. பாதியில் அறுந்த டவுன்லோடு விட்ட இடத்திலிருந்து தொடர்வதும், வீடியோவை நடுவில் தட்டியதும் அங்கிருந்தே ஓடத் தொடங்குவதும் பெரும்பாலும் இதனால்தான். எந்த பைட்டிலிருந்து எந்த பைட் வரை வேண்டும் என்று கேட்டால், சர்வர் அதை மட்டும் அனுப்பும்.

வேண்டிய வரைபடம் எந்த பைட்டில் தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? நோவா ஒவ்வொரு தரவுக் கோப்புக்கும் பக்கத்திலேயே, அதே பெயரோடு `.idx` சேர்த்து, சின்ன உரைக் கோப்பு ஒன்றையும் வைக்கிறது. சில பத்து கேபிதான் இருக்கும். அதில் வரிகள் இந்த வடிவில் வரும் (எண்கள் விளக்கத்துக்காகத் தரப்பட்டவை):

```
581:415236108:d=2024120100:TMP:2 m above ground:24 hour fcst:
582:415906420:d=2024120100:SPFH:2 m above ground:24 hour fcst:
```

முதல் எண் வரிசை எண். இரண்டாவது, அந்த வரைபடம் தொடங்கும் பைட். அடுத்தது ஓட்டத்தின் தேதியும் நேரமும்: 2024 டிசம்பர் 1, உலக நேரம் பூஜ்யம் மணி, அதாவது இந்திய நேரம் காலை ஐந்தரை. `TMP` என்றால் வெப்பநிலை. ஆக, டிசம்பர் 2 காலை ஐந்தரை மணிக்கான வெப்பநிலை 415236108-ஆவது பைட்டில் தொடங்குகிறது.

எங்கே முடிகிறது என்று வரியில் இல்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தில் அத்தியாயம் தொடங்கும் பக்கம் மட்டும்தானே இருக்கும்? அடுத்த அத்தியாயத்தின் பக்கத்தைப் பார்த்துத்தான் முந்தையது முடியும் இடத்தை அறிகிறோம். இங்கும் அடுத்த வரியின் எண்ணில் ஒன்றைக் கழித்தால் முடிவு கிடைக்கும்: 415906419. கடைசி வரைபடத்துக்கு மட்டும் முடிவெண் போடாமல் தொடக்க எண்ணையும் ஒரு கோட்டையும் கொடுத்தால் கோப்பின் இறுதி வரை வந்துவிடும்.

```
curl -r 415236108-415906419 -o t2m.grib2 \
https://noaa-gfs-bdp-pds.s3.amazonaws.com/gfs.20241201/00/atmos/gfs.t00z.pgrb2.0p25.f024
```

இந்தக் கணக்கின்படி 670312 பைட் வந்து சேரும். ஒரு எம்பிகூட இல்லை. 209 கோப்புகளிலிருந்தும் இதே அளவில் ஒவ்வொரு வெப்பநிலை வரைபடத்தை எடுத்தாலும் சுமார் 140 எம்பிதான்.

ஒன்றைக் கழிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பைட் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. `Range` கேட்கும் இரண்டு எண்களும் பகுதிக்குள் அடங்கியவை. கணினியிலேயே இருக்கும் கோப்பைப் படிக்கும்போதோ, முடிவெண் அல்ல, நீளம் கேட்கப்படும். பைத்தானில் அது இப்படி:

```python
with open("gfs.f024", "rb") as f:
    f.seek(415236108)
    data = f.read(670312)
```

இதில் முழுக் கோப்பு நினைவகத்தில் ஏறாது. `seek` படிக்கும் இடத்தை நகர்த்துகிறது, `read` அங்கிருந்து இத்தனை பைட் எடுக்கிறது. `rb` என்பதில் உள்ள `b` முக்கியம். அது இல்லாவிட்டால் பைத்தான் பைட்டுகளை எழுத்துகளாக மாற்றப் பார்த்துப் பிழையில் நிற்கும்.

வெட்டியது சரியா என்று பார்க்க நல்லதொரு வசதி உண்டு. இந்தக் கோப்பு வகையின் பெயர் கிரிப். இதில் ஒவ்வொரு பதிவும் `GRIB` என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கி, `7777` என்ற நான்கு இலக்கங்களில் முடியும்.

```
head -c 4 t2m.grib2
tail -c 4 t2m.grib2
```

முதல் கட்டளைக்கு `GRIB`, இரண்டாவதற்கு `7777` என்று வந்தால் வெட்டு கச்சிதம். இரண்டாவதில் `777G` என்று வந்தால் ஒன்றைக் கழிக்க மறந்து, அடுத்த பதிவின் முதல் எழுத்தையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறோம். முதலாவதில் `RIB` என்று தொடங்கினால் ஒரு பைட் தாமதமாக நுழைந்திருக்கிறோம். இரண்டிலும் அர்த்தமில்லாத குறிகள் வந்தால், பெரும்பாலும் `.idx` ஓர் ஓட்டத்துடையது, தரவு வேறொன்றுடையது. கோப்புப் பெயரில் தேதி இல்லை, முகவரியில்தான் இருக்கிறது என்பதால் இந்தக் கலப்பு எளிதில் நேரும்.

சர்வரின் பதில் எண்ணையும் கவனிக்க வேண்டும். கேட்ட பகுதி மட்டும் வந்தால் 206. கேட்ட இடம் கோப்பின் நீளத்தைத் தாண்டியிருந்தால் 416. கவலைப்பட வேண்டியது 200 என்ற சாதாரண வெற்றி எண்ணுக்குத்தான். சர்வர் `Range` ஹெடரைப் பொருட்படுத்தாமல் முழுக் கோப்பையும் அனுப்புகிறது என்று அதற்குப் பொருள்; விதிமுறை அதை அனுமதிக்கவும் செய்கிறது. எண்ணைச் சரிபார்க்காமல் எழுதிய நிரல், வரைபடம் வந்துவிட்டதாக நினைத்து 500 எம்பியையும் வாங்கிக்கொண்டிருக்கும்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரு வரைபடம் உலகம் முழுமைக்குமானது: 1440 நெடுக்கை, 721 கிடக்கை, பத்து லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். அதிலிருந்து தமிழ்நாட்டுப் பகுதியை மட்டும் பைட் எண் கொடுத்து வெட்ட முடியாது. ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் முந்தைய புள்ளிகளிலிருந்து எவ்வளவு மாறுகிறது என்ற வித்தியாசமாகச் சுருக்கி வைக்கப்படுகிறது. நடுவிலிருந்து எடுத்தால் எதிலிருந்து எதைக் கூட்டுவது என்று தெரியாது. வட்டாரம் மட்டும் போதும் என்பவர்களுக்காக நோவா தன் நோமேட்ஸ் தளத்தில் தனி வடிகட்டி வைத்திருக்கிறது. சர்வரே வரைபடத்தை விரித்து, கேட்ட எல்லைக்குள் உள்ளதை மட்டும் மறுபடி கட்டித் தரும்.

பல வரைபடங்கள் தேவைப்படும்போது வேறு கணக்கு. கோப்புகள் இருக்கும் அமேசான் எஸ்3 சேமிப்பகம் ஒரு கோரிக்கையில் ஒரு பகுதியைத்தான் தரும். எனவே அடுத்தடுத்து இருக்கும் வரைபடங்களைச் சேர்த்து ஒரே பகுதியாகக் கேட்பது நல்லது. மேலே உள்ள வெப்பநிலையும் ஈரப்பதமும் அப்படிப்பட்டவை. முதலாவதின் தொடக்கத்திலிருந்து இரண்டாவதின் முடிவு வரை கேட்டால் இரண்டு பதிவுகளும் ஒரே கோப்பாக வரும். `wgrib2` போன்ற நிரல்கள் அதை அப்படியே படித்துக்கொள்ளும்.