ஆடையும் கசடும் இல்லாத மஞ்சள் பால்

எங்கள் உம்மம்மா இரவில் சோறு உண்பதில்லை. இஷாவுக்குப் பிறகு ஒரு கோப்பை மஞ்சள் பால் மட்டுந்தான். உம்மா வெளியூர் போயிருந்த வாரம் அந்த வேலை என்னிடம் வந்தது. முதலிரண்டு இரவும் கோப்பை பாதியோடு திரும்பியது. ஆடை தொண்டையில் ஒட்டி இருமல் வந்ததாம். தூள் கட்டுப்பல்லின் அடியில் போய் நறநறத்ததாம். "மண்ணக் கரச்சா கொண்டு வந்த, மகள்?" என்றார். அன்றிரவு அவர் அரை வயிற்றோடு படுத்தது எனக்குக் கவலையாகிவிட்டது.

நான் செய்த பிழை, கொதிக்கும் பாலில் தூளை நேரே கொட்டியதுதான். அப்படிக் கொட்டினால் தூள் மிதந்து திரளும். திரளையின் வெளிப்புறம் நனைந்து மூடிக்கொள்ள, உள்ளே உலர்ந்தே இருக்கும். இன்னொன்றும் உண்டு. மஞ்சள், சீனியைப் போலக் கரைவதில்லை. அதன் நிறப்பொருளான குர்க்குமின் நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கிழங்கின் நாரோ எதிலும் கரையாது. ஆகவே நிறத்தையும் மணத்தையும் பாலில் இறக்கிவிட்டு, நாரை வெளியே எடுக்க வேண்டும்.

மூன்றாம் இரவு இப்படிச் செய்தேன். கால் தேக்கரண்டி மஞ்சள் தூளை இரண்டு மேசைக்கரண்டி ஆறிய பாலில் கட்டியில்லாமல் குழைத்தேன். சட்டியில் கால் தேக்கரண்டி நெய்யை இளஞ்சூட்டில் உருக்கி, குழைத்ததை ஊற்றி, பச்சை மணம் போகும்வரை கிளறினேன். அடிபிடித்தால் கசக்கும், அப்போது கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. பின்பு ஒரு கோப்பைப் பாலை ஊற்றி, சிறு தீயில் ஐந்து நிமிடம் கிளறியபடியே காய்ச்சினேன். இறக்கி மூடி, இரண்டு நிமிடம் அசையாமல் வைத்தால் கசடு அடியில் படியும். தேயிலை வடியில் மஞ்சள் தூள் நிற்காது. மெல்லிய வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, அதில் வடிக்க வேண்டும். அடியிலுள்ள கடைசி மிடறைச் சட்டியிலேயே விட்டுவிடுங்கள். சர்க்கரை விரும்புகிறவர்கள் இறக்கிய பிறகே போடுங்கள். கொதிக்கும்போது போட்டால் பால் திரையலாம்.

இனி ஆடை. சூடான பால் அசையாமல் இருக்கையில் மேற்பரப்பு நீர் ஆவியாகிறது. அங்கே புரதமும் கொழுப்பும் நெருங்கி ஒட்டிப் படலமாகின்றன. அதனால் ஆடை, கொதிக்கும்போது மட்டுமல்ல, ஆறும்போதும் பிடிக்கும். என் முதலிரண்டு கோப்பையும் கெட்டது அங்கேதான்: கிளறிக் காய்ச்சிவிட்டு, மேசையில் திறந்தபடி வைத்திருந்தேன். இப்போது வடித்த பாலைத் தேநீர் போல இரண்டு கோப்பைகளில் ஏழெட்டுத் தரம் ஆற்றுகிறேன். சூடும் இறங்குகிறது, மேலே நுரையும் நிற்கிறது. உடனே சிறு தட்டால் மூடிக் கொடுத்தால் ஆவி வெளியேறாது, மேற்பரப்பு உலராது.

ஐந்தாம் நாள் வாப்பா எருமைப்பால் கொண்டு வந்தார். கொழுப்பும் புரதமும் கூடியதால், அதில் ஆடை விரைவாகவும் தடிப்பாகவும் பிடித்தது. மூன்று பங்கு பாலுக்கு ஒரு பங்கு நீர் சேர்த்தேன். அன்று கோப்பை வெறுமையாகத் திரும்பியது, "சீனி குறைவு" என்ற சேதியோடு.