வீட்டைப் பார்க்கும் முன்பே கமிஷனைப் பேசுங்கள்

சென்னையில் வாடகை வீட்டுக்குத் தரகர் கேட்கும் கமிஷன் பெரும்பாலும் ஒரு மாத வாடகை. இது வழக்கம்தான், சட்டமல்ல. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. தரகர் கமிஷனுக்கு அது வரம்பு கட்டவில்லை. ஆகவே பேசித்தான் முடிக்க வேண்டும்.

பேச வேண்டிய நேரம், முதல் வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன். வீடு பிடித்துப்போய், பிள்ளைகள் எந்த அறை யாருக்கு என்று பேச ஆரம்பித்துவிட்டால், தரகர் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 2,000. "ஒரு மாசம் கொடுத்துடுங்க சார்" என்கிறார் தரகர். அவர் மனதில் இருப்பது 20,000. மெயின்டனன்ஸ் குடியிருப்போர் சங்கத்துக்குப் போகும் பணம், அதற்குக் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை. அடுத்து, "ஓனர்கிட்டயும் வாங்குறீங்களாண்ணா?" என்று நேராகவே கேளுங்கள். பல தரகர்கள் இரு பக்கமும் வாங்குகிறார்கள். அப்படியானால் உங்கள் பங்கைக் குறைக்கக் கேட்பது நியாயம்.

என் யோசனை, 'ஒரு மாத வாடகை' என்று விடாமல் 15,000 என்பதுபோல ஒரு தொகையாகவே முடிப்பது. கமிஷன் வாடகையோடு சேர்ந்து ஏறும்போது, ஓனரிடம் உங்களுக்காக ஆயிரம் ரூபாய் குறைத்துப் பேசினால் தரகருக்கே நஷ்டம். தொகை முடிவாகிவிட்டால் அந்த நஷ்டம் இல்லை.

டோக்கன் பணத்தை ஓனரின் கணக்குக்கே அனுப்புங்கள். தரகர் கையில் கொடுத்து, பிறகு ஓனர் பின்வாங்கினால், அந்தப் பணம் கமிஷனில் கழிந்துவிட்டதாகச் சொல்லப்படும். கமிஷனில் பாதியை அக்ரிமென்டில் இருவரும் கையெழுத்திட்ட அன்றும், மீதியைச் சாவி கைக்கு வந்த அன்றும் கொடுக்கலாம். முழுதும் முன்பணமாகக் கேட்பவரிடம் கவனமாக இருங்கள்.

பேசி முடித்ததும் தரகருக்கு வாட்ஸப்பில் இப்படி அனுப்புங்கள்: "கமிஷன் மொத்தம் 15,000. அக்ரிமென்ட் அன்று பாதி, சாவி வாங்கும்போது பாதி. வேறு தரகர் சேர்ந்திருந்தாலும் இதற்குள்தான். ஓனர் மறுத்தால் கமிஷன் இல்லை. 11 மாதம் கழித்துப் புதுப்பிக்கும்போது கமிஷன் இல்லை."

கடைசி இரண்டு வரிகளை யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை, தகராறு வருவதும் அங்கேதான். "சரி" என்று பதில் வந்த பிறகு வீடு பார்க்கப் புறப்படுங்கள்.