எம்.டி.யின் இன்பாக்ஸில் எனக்கு எட்டாத ஓர் அறை

வேலையில் சேர்ந்த முதல் நாள் எம்.டி. ஒரு துண்டுச் சீட்டை என் பக்கம் நகர்த்தினார். அதில் அவருடைய மெயில் பாஸ்வேர்டு எழுதியிருந்தது.

"வெச்சுக்கோங்கம்மா. தினம் இருநூறு மெயில் வருது. பாதியை நான் பார்க்கவே வேண்டாம்."

"பாஸ்வேர்டு வேண்டாம் சார். என்னை டெலிகேட்டா சேர்த்துடுங்க, போதும்."

கோவையில், பங்குச் சந்தையில் பதிவான ஓர் உற்பத்தி நிறுவனம் அது. எனக்கு அங்கே எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட் வேலை. பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டால் அவருடைய பெட்டிக்குள் நான் அவராகவே நுழைகிறேன். எது அவர் எழுதியது, எது நான் எழுதியது என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது. அதைவிட முக்கியம், பாஸ்வேர்டு பெட்டி முழுவதையும் திறந்துவிடும். டெலிகேட் முறையில் நான் என் சொந்த பாஸ்வேர்டில் உள்ளே வருகிறேன். எந்த ஃபோல்டரை நான் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர் தனித்தனியாகச் சொல்ல முடியும்.

எங்கள் அலுவலகத்தில் கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய அவுட்லுக்தான். அதில் File பகுதிக்குள் Account Settings போனால் Delegate Access வரும். அங்கே என் பெயரைச் சேர்த்து, இன்பாக்ஸுக்கு என்ன அனுமதி, காலண்டருக்கு என்ன அனுமதி என்று தேர்வு செய்ய வேண்டும். Reviewer என்றால் படிக்க மட்டும் முடியும். Author என்றால் படிக்கலாம், புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம், ஆனால் நாமே சேர்த்ததைத்தான் திருத்தவோ நீக்கவோ முடியும். Editor என்றால் எல்லாவற்றையும் கையாளலாம். பலரும் Author பாதுகாப்பான நடுவழி என்று நினைத்து அதைக் கொடுக்கிறார்கள். இன்பாக்ஸில் இருப்பதெல்லாம் பிறர் அனுப்பிய மெயில்தானே? எதையும் எடுத்து வேறு ஃபோல்டரில் போட முடியாமல் உதவியாளர் கை கட்டி உட்கார்ந்திருப்பார். எனக்கு இன்பாக்ஸிலும் காலண்டரிலும் Editor, முகவரிப் பட்டியலில் Reviewer, மற்றதில் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டோம். (ஜிமெயிலில் இந்தப் பிரிவினையே கிடையாது. டெலிகேட் ஆக்கினால் பெட்டி முழுக்கத் திறந்துவிடும். ஒரு லேபிளை மட்டும் மறைக்க வழி இல்லை.)

இன்பாக்ஸுக்குள் மூன்று ஃபோல்டர்கள் போதும் என்று முடிவு செய்தோம். அவர் முடிவெடுக்க வேண்டியவை ஒன்றில், பிறர் பதிலுக்காகக் காத்திருப்பவை இன்னொன்றில், படித்தால் போதும் என்பவை மூன்றாவதில். காலை எட்டரைக்குள் இன்பாக்ஸைப் பிரித்து முடித்துவிடுவேன். முதல் ஃபோல்டரில் இருபதுக்கு மேல் சேர்ந்தால் நான் சரியாகச் சலிக்கவில்லை என்று அர்த்தம். இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஒரு மாதத்தில் கை பழகிவிடும். கஷ்டமெல்லாம் நான் பார்க்கக்கூடாத மெயில்களில்தான் இருந்தது.

அவை என்னென்ன என்று முதல் வாரமே உட்கார்ந்து எழுதினோம். அவருடைய மருத்துவரிடமிருந்து வருபவை, பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவிடமிருந்து வருபவை, சம்பள உயர்வுப் பட்டியல், இயக்குநர் குழுவுக்கான ரகசியத் தாள்கள். இவற்றைக் கண்டால் படிக்க மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். ஆனால் தலைப்பைப் படித்த பிறகுதானே அது எந்த மெயில் என்று தெரியும்? தலைப்பிலேயே பாதி விஷயம் வந்துவிடும். அதனால் அவை என் கண்ணில் படுவதற்கு முன்பே விலகிப் போக வேண்டும். அதற்கு நாங்கள் கட்டிய சுவரில் மூன்று ஓட்டைகள் இருந்தன. மூன்றையும் பட்டுத்தான் கண்டுபிடித்தோம்.

முதல் ஓட்டை, ஃபோல்டரை எங்கே உருவாக்குகிறோம் என்பது. எம்.டி. இன்பாக்ஸுக்குள்ளேயே 'தனி' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, புகார்க் குழுவின் கடிதங்களை அதில் போட்டுவைத்தார். மறுநாள் காலை அது என் திரையில் முழுதாகத் திறந்து கிடந்தது. ஒரு ஃபோல்டருக்குள் புதிதாக ஒன்றை உருவாக்கினால், தாய் ஃபோல்டருக்கு அந்த நேரத்தில் என்ன அனுமதி இருக்கிறதோ அதையே பிள்ளையும் எடுத்துக்கொள்ளும். இன்பாக்ஸில் நான் Editor, ஆகவே 'தனி'யிலும் Editor. இதன் மறுபக்கமும் உண்டு. எனக்கு அனுமதி தருவதற்கு முன்பே இருந்த அவருடைய பழைய வங்கி ஃபோல்டர் எனக்குத் தெரியவே இல்லை. தாய்க்குப் பின்னால் கொடுக்கும் அனுமதி, ஏற்கெனவே பிறந்த பிள்ளைக்குப் போய்ச் சேராது.

உடனே அவரிடம் போய்ச் சொன்னேன். ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, Properties திறந்து, Permissions பகுதியில் என் பெயருக்கு எதிரே None என்று மாற்றினோம். பிறகு ஃபோல்டரையே இன்பாக்ஸுக்கு வெளியே, பெட்டியின் மேல்மட்டத்துக்கு நகர்த்தி, அங்கேயும் ஒரு முறை திறந்து பார்த்துக்கொண்டோம். அவருடைய ஃபோல்டர் வரிசை எனக்குத் தெரிவதற்காகப் பெட்டியின் மேல்மட்டத்தில் Folder visible என்ற அனுமதி எனக்கு இருந்தது. அந்த அனுமதி புதிய ஃபோல்டருக்கும் இறங்கினால் உள்ளே போக முடியாது, ஆனால் பெயர் தெரியும். ஃபோல்டருக்கு ஒரு கம்பெனியின் பெயரையோ ஓர் ஊழியரின் பெயரையோ வைத்திருந்தால் அந்தப் பெயரே ரகசியத்தை உடைத்துவிடும். அதனால் 'தனி' என்ற பெயரை மாற்றாமல் விட்டோம்.

இரண்டாவது ஓட்டை, ரூல். மருத்துவரின் முகவரியிலிருந்து வருவது நேரே 'தனி'க்குப் போகும்படி அவர் ரூல் போட்டிருந்தார். ஒரு நாள் அவர் டெல்லி விமானத்தில் இருக்கும்போது ஆய்வக ரிப்போர்ட் ஒன்று இன்பாக்ஸில் வந்து நின்றது. நான் பார்த்துவிட்டேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. ரூல் போடும்போது, மெயில் வந்ததும் திரையில் ஓர் அறிவிப்பு தோன்ற வேண்டும் என்றும் டிக் செய்திருக்கிறார். அறிவிப்பு காட்டுவது சர்வரால் முடியாத வேலை, அவருடைய கணினிதான் செய்ய வேண்டும். அதனால் அந்த ரூல் முழுவதும் அவுட்லுக் திறந்திருந்தால் மட்டுமே ஓடும் ரூலாக மாறிவிட்டது. லேப்டாப் மூடியிருந்தது, மெயில் இன்பாக்ஸிலேயே தங்கிவிட்டது. ரூல் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் (client-only) என்று இருந்தால் அது இந்த வகை. டிக்கை எடுத்துவிட்டால் ரூல் சர்வரில் ஓடும். மெயில் இன்பாக்ஸைத் தொடாமலே போய்விடும்.

அப்போதும் ரூலுக்கு ஓர் எல்லை உண்டு. தெரிந்த முகவரியைத்தான் அது அடையாளம் காணும். மருத்துவர் வேறு முகவரியிலிருந்து அனுப்பினால், அல்லது புதிய வக்கீல் ஒருவர் முதல் கடிதம் எழுதினால், அது என்னிடம்தான் வரும். நான் பார்த்த வரையில் இதற்கு ஒரே உறுதியான தீர்வு, டெலிகேட் யாரும் இல்லாத இரண்டாவது முகவரி. இயக்குநர்கள், கம்பெனி செக்ரட்டரி, புகார்க் குழுத் தலைவி ஆகியோரிடம் அந்த முகவரியைக் கொடுத்துவிட்டால் வேறு யாருக்கும் அது தெரியத் தேவையில்லை. நாங்கள் ஆறு மாதம் கழித்துத்தான் அதைச் செய்தோம். அதற்கு மூன்றாவது ஓட்டை காரணம்.

அது காலண்டர் வழியாக வந்தது. டெலிகேட் ஆக்கும் இடத்தில், மீட்டிங் தொடர்பான கடிதங்களின் நகல் உதவியாளருக்கும் போகட்டும் என்று ஒரு டிக் இருக்கிறது. அது இல்லாமல் என்னால் அவர் நேரத்தை நிர்வகிக்க முடியாது. ஒரு மாலை வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் அனுப்பிய மீட்டிங் அழைப்பு என் பெட்டிக்கு வந்தது. தலைப்பிலேயே, எங்கள் நிறுவனம் வாங்கப்போகும் இன்னொரு நிறுவனத்தின் பெயர்.

மூடிவிட்டு மறந்துவிடும் விஷயம் இல்லை அது. செபியின் 2015-ஆம் ஆண்டு உட்தகவல் வணிகத் தடை விதிகளின்படி, பங்கு விலையைப் பாதிக்கும் வெளியாகாத தகவல் யாரிடம் பகிரப்பட்டதோ அவர்களின் பெயரையும் பான் எண்ணையும் நிறுவனம் ஒரு டிஜிட்டல் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அத்தகைய தகவல் கைக்கு வரும் செயலக ஊழியர்களும் அந்த விதிகளின் கட்டுக்குள் வருகிறார்கள். நான் கம்பெனி செக்ரட்டரியிடம் போய், இந்த அழைப்பு இத்தனை மணிக்கு என் கண்ணில் பட்டது என்று சொன்னேன். என் பெயர் பதிவேட்டில் ஏறியது. மகளின் காலேஜ் ஃபீஸுக்காக எங்கள் நிறுவனத்துப் பங்குகள் கொஞ்சத்தை அந்த மாதம் விற்கலாம் என்றிருந்தேன். விற்கவில்லை. நகைக் கடன் வைத்துக் கட்டினோம். எனக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லாத ஒரு பெயர் கண்ணில் பட்டதால் வந்த செலவு அது. உதவியாளருக்கு மறைப்பது அவர்மேல் உள்ள சந்தேகம் என்று யாராவது நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தெரியாமல் இருப்பது எனக்கும் ஒரு காப்பு.

மீட்டிங்கை Private என்று குறித்துவிட்டால் போதாதா என்று பிறகு எம்.டி. கேட்டார். Delegate can see my private items என்ற டிக் இல்லாதவரை அவுட்லுக் அதை எனக்குக் காட்டாது, உண்மைதான். ஆனால் அந்தக் குறியை நம்பி ரகசியம் காக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. வேறு மென்பொருள் வழியாக அதே ஃபோல்டரைப் படித்தால் குறி மதிக்கப்படாமல் போகலாம். மேலும், அழைப்பை அனுப்புகிறவர் குறிக்க மறந்தால் என்ன செய்வது? ரகசிய மீட்டிங்குகளும் இரண்டாவது முகவரிக்கே போயின. முதல் காலண்டரில் அந்த நேரத்துக்கு 'வெளி வேலை' என்று மட்டும் போட்டு வைப்பார்.

அனுப்பும் பக்கத்தையும் சொல்ல வேண்டும். டெலிகேட்டாக நான் அனுப்பும் மெயிலில், இன்னார் on behalf of இன்னார் என்று இரண்டு பெயரும் பெறுபவருக்குத் தெரியும். Send As என்ற அனுமதியில் என் பெயர் இருக்காது, அவரே எழுதியது போலப் போகும். அதை நான் கேட்டு வாங்கவில்லை. தேதி மாற்றுவது, தாள் கேட்பது போன்றவற்றை இரண்டு பெயருடன் நானே அனுப்புவேன். பணம், நியமனம், வருத்தம் தெரிவிப்பது என்றால் வரைவு மட்டும் எழுதித் தருவேன்.

இங்கேயும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அவர் சார்பில் நான் அனுப்பியதன் நகல் வழக்கமாக என்னுடைய Sent Items-இல்தான் சேரும். அவர் பெட்டியிலிருந்து நான் நீக்குவதும் பழைய அவுட்லுக்கில் என்னுடைய Deleted Items-க்கு வந்துவிடும். நான் வேலையை விட்டுப் போனால் அவருடைய கடிதப் பதிவுகள் என் பெட்டியோடு போய்விடும். அனுப்பியதன் நகல் அவருக்கும் சேர, ஐ.டி. பிரிவில் ஒரு வரி போதும்:

```
Set-Mailbox md@example.com -MessageCopyForSendOnBehalfEnabled $true
```

ஒன்பது ஆண்டுகள் கழித்து அங்கிருந்து விலகினேன். கடைசி நாள் மாலை, ஐ.டி. பையனை என் மேசைக்கு வரச் சொன்னேன். எம்.டி.யின் டெலிகேட் பட்டியலிலிருந்து என் பெயர் போயிற்று. ஆனால் அங்கே நீக்கியதோடு அவன் கிளம்பப் பார்த்தான். மூன்று ஃபோல்டர்களிலும் என் பெயருக்குத் தனியாகக் கொடுத்த அனுமதி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொன்னேன். இரண்டில் இருந்தது. அவற்றை நீக்கிய பிறகு, அவன் எதிரிலேயே என் கணினியிலிருந்து அவருடைய இன்பாக்ஸைத் திறக்க முயன்றேன். திறக்கவில்லை.